கோல்ட் காபி தண்ணீராகப் போவது எங்கே?

வீட்டில் போடும் கோல்ட் காபி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெடுகிறது. மேலே ஒரு விரல் நுரை, கீழே பழுப்பு நிறத் தண்ணீர், குடித்தால் காபியைவிடச் சர்க்கரைதான் நாக்கில் நிற்கிறது. தண்ணீராக இருப்பதும் தித்திப்பாக இருப்பதும் இரண்டு தனித்தனிக் குறைகள் போலத் தெரியும். உண்மையில் முதலாவதுதான் இரண்டாவதை இழுத்து வருகிறது. காபி நீர்த்துப்போனதும் ருசி குறைந்ததுபோல் இருக்கும். உடனே இன்னொரு ஸ்பூன் சர்க்கரை, இன்னொரு ஸ்கூப் ஐஸ்கிரீம், அப்புறம் சாக்லேட் சிரப். கொஞ்சம் காபித்தூளைக் கூட்ட வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

நீர்த்துப்போவதற்கு முதல் காரணம் ஐஸ் கட்டி. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 300 மில்லி நீல பாக்கெட் ஆவின் பால், ஆறு ஐஸ் கட்டி. ஃபிரிட்ஜ் தட்டில் உறையும் கட்டி ஒன்று சுமார் 20 மில்லி தண்ணீர். ஆறும் கரைந்தால் 120 மில்லி. மொத்தம் 420 மில்லியில் கால் பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். நீல பாக்கெட்டில் இருப்பதே 3 சதவீதக் கொழுப்பு. இப்போது அது 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இந்தப் பாலை வைத்துக்கொண்டு கெட்டியாக வரவில்லையே என்று மிக்ஸியைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஐஸ் ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்தால், பால் போதுமான அளவு குளிர்ந்திருக்காது. காய்ச்சி ஆறவைத்த பால் நம் ஊர் வெயிலில் 30 டிகிரியில் இருக்கும். 300 மில்லியை அங்கிருந்து ஃபிரிட்ஜ் குளிர்ச்சிக்குக் கொண்டுவர 80, 90 கிராம் ஐஸ் கரைந்தாக வேண்டும். அதாவது குளிர்ச்சிக்கு விலையாகத் தண்ணீரை உள்ளே விடுகிறோம். பாலை முந்தின இரவே காய்ச்சி, தண்ணீர் சேர்க்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இன்னும் நல்லது. பால் கட்டி கரைந்தாலும் பால்தான். முடிந்தால் ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்கள், அதில் கொழுப்பு 6 சதவீதம். பச்சை பாக்கெட்டில் 4.5. அதுவும் பரவாயில்லை.

கெட்டிப் பாலை எடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை. அதையும் சேர்த்து மிக்ஸியில் ஓட்டினால் க்ரீமியாக வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் குளிர்ந்த ஆடையைக் கடைந்தால் என்ன கிடைக்கும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதானே. வெண்ணெய்த் துணுக்குகள் நுரையில் மிதக்கும், உதட்டில் பிசுபிசுக்கும். வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள்.

தண்ணீர் நுழையும் இன்னொரு வழி காபியே. ஃபில்டர் டிகாக்ஷன் விரும்புகிறவர்கள், சூடான பால் காபிக்கு விடும் அளவையே இதற்கும் விடுகிறார்கள். குளிரில் நாக்குக்குக் காபியின் வாசனையும் குறைவாகத்தான் எட்டும், அதனால் இன்னும் விடத் தோன்றும். டிகாக்ஷன் என்றால் முதல் டிகாக்ஷன் மட்டும், அதுவும் ஃபிரிட்ஜில் ஆறவைத்தது. இரண்டாவது டிகாக்ஷன் இந்த வேலைக்கு ஆகாது. நுரைதான் முக்கியம் என்றால் இன்ஸ்டன்ட் தூளுக்கே என் ஓட்டு. டிகாக்ஷனில் மணம் கூடுதல், ஆனால் இன்ஸ்டன்ட் அளவுக்கு அது நுரைத்து நிற்காது. இன்ஸ்டன்ட் தூளையும் நேரே குளிர்ந்த பாலில் கொட்டக் கூடாது. கரையாமல் கசப்புப் பொட்டுகளாக நிற்கும். இரண்டு டேபிள்ஸ்பூன் சுடுதண்ணீர் போதும், அரை தம்ளர் வேண்டாம். சர்க்கரையையும் அதிலேயே கரைத்துவிடுங்கள். குளிர்ந்த பாலில் போட்ட சர்க்கரை பாதி கரையாமல் அடியில் தங்கும். மேலே தித்திப்பில்லை என்று இன்னும் போடுவீர்கள், கடைசி மடக்கு பாகு மாதிரி இருக்கும்.

இனி தித்திப்புக் கணக்கு. ஒரு ஸ்கூப் வெனிலா ஐஸ்கிரீம் சுமார் 60 கிராம். அதிலேயே ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. தம்ளருக்கு ஒன்றரை ஸ்கூப் போட்டால் மூன்று டீஸ்பூன் உள்ளே போய்விட்டது. இதற்கு மேல் சிரப்போ கண்டென்ஸ்டு மில்க்கோ ஊற்றுவதாக இருந்தால் தனிச் சர்க்கரை ஒரு துளியும் வேண்டாம். ருசி பார்ப்பதையும் ஐஸ்கிரீம் சேர்ந்த பிறகு பாருங்கள். அதற்கு முன் கலவை கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்க வேண்டும். அப்போதே சரியாக இருந்தால் முடிவில் திகட்டும்.

இரண்டு பெரிய தம்ளருக்கு நான் போடும் அளவு இது: 200 மில்லி குளிர்ந்த பால், 100 மில்லி பால் கட்டிகளாக, மூன்று டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காபி, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, மூன்று ஸ்கூப் ஐஸ்கிரீம். அளவைவிடப் போடும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி இரண்டு நிமிடம் ஓட்டினால் பிளேடின் சூட்டிலும் உராய்விலும் ஐஸ்கிரீம் உருகிப் பாலாகிவிடும். முதலில் கரைத்த காபியோடு 50 மில்லி பாலை மட்டும் ஊற்றி, நிறம் வெளுத்துப் பொங்கும்வரை அரை நிமிடம் ஓட்டுங்கள். நுரை உருவாகும் இடம் இதுதான். பிறகு மீதிப் பாலும் பால் கட்டிகளும் போட்டு, கட்டி உடையும் சத்தம் நிற்கும்வரை. கடைசியாக இரண்டு ஸ்கூப் ஐஸ்கிரீம், விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று, அவ்வளவுதான். மூன்றாவது ஸ்கூப் தம்ளரின் மேலே.

ஜாரை பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை என்பது பாலுக்குள் அடைபட்ட காற்று. ஜாரில் காற்றுக்கு இடமில்லாவிட்டால் எவ்வளவு நேரம் ஓட்டியும் பலனில்லை. நாலு பேருக்கு என்றால் இரண்டு தடவையாக அடியுங்கள். சட்னி அரைத்துக் கழுவிய சூடான ஜாரில் உடனே ஊற்றுவதும் உண்டு. பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அந்தச் சிக்கல் தீரும்.

ஐஸ்கிரீம் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஃப்ரோசன் டெசர்ட் என்று இருந்தால் அதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். கெட்டித்தன்மைக்கு அதுவும் உதவும்தான், ஆனால் வாயில் ஒரு மெழுகுப் படலம் தங்கும்.

சரியாக வந்ததா என்று தெரிய, தம்ளரில் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் நுரையும் தண்ணீரும் கோடு போட்டதுபோல் பிரிந்தால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்ட வேண்டாம். திரும்ப ஜாரில் ஊற்றி, சர்க்கரை கலக்காத பால் பவுடர் ஒரு டேபிள்ஸ்பூனும் மிச்சமிருக்கும் பால் கட்டிகளும் போட்டு ஒரு சுற்று விடுங்கள். ஐஸ்கிரீமைக் கூட்டாதீர்கள். தித்திப்பு ஏறிவிட்டிருந்தால் அரை டீஸ்பூன் காபித்தூளை ஒரு ஸ்பூன் சுடுதண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் பெருமளவு சரியாகிவிடும்.