புது சமுதாயக் கூடத்துல ரூமுக்குப் பேர் வைக்கிறது எப்படி? காசிமேட்டுல நாங்க செஞ்சது

எங்க தெரு சமுதாயக் கூடம் கட்டி முடிஞ்சப்போ மேலயும் கீழயுமா ஒன்பது ரூம், எல்லாத்துக்கும் தலைவர் பேரே வைக்கலாம்னு ஒரு பக்கம், சாமி பேர் வைக்கலாம்னு ஒரு பக்கம். கோயில், சர்ச், மசூதி மூணுக்கும் போற சனம் ஒரே ஹால்ல கல்யாணம் பண்ணணும், அதனால சாமி பேரை முதல்லயே விட்டுட்டோம்.

முதல் வேலை, எல்லா ரூமுக்கும் நம்பர் போடுங்க. கீழ 1லேர்ந்து, மாடில 101லேர்ந்து. பேர் பின்னாடி மாறினாலும் நம்பர் மாறக்கூடாது, கரண்ட் போனா எலக்ட்ரீஷியனுக்கு நம்பர்தான் சொல்லுவீங்க.

அடுத்து, பேர் எதுக்குத் தேவைன்னு பிரிங்க. ஸ்டோர், பாத்ரூம், டாக்டர் உக்கார்ற ரூம் இதுக்கெல்லாம் அந்த வேலையே பேர். வெளிலேர்ந்து ஆள் தேடி வர்ற இடத்துக்கு மட்டும் பேர் வைங்க. எங்களுக்கு அது பெரிய ஹாலும் மூணு டியூஷன் ரூமும்தான்.

ஜனம் வாயில வர்ற பேர்தான் நிக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கவர்னர் பேர் வெச்சும், 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்தின சத்திரத்தை நெனச்சு எங்க ஆயா கடைசி வரைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுச்சு.

பெரிய ஹாலுக்கு சிங்காரவேலர் பேர். மீனவர் குடும்பத்துல பொறந்தவர், 1923ல இந்த மெட்ராஸ்லதான் முதல் மே தினம் கொண்டாடினவர், எங்க ஏரியாவுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. ஆனா மாளிகைன்னு போடல. சிங்காரவேலர் மாளிகைன்னா கலெக்டர் ஆபீஸ், ஆட்டோக்காரர் நேரா ராஜாஜி சாலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. பத்திரிகைல முதல்ல தெரு, கூடம், அப்புறம் சிங்காரவேலர் ஹால்னு அடிக்கச் சொல்றோம்.

டியூஷன் ரூமுக்கு மீன் பேர் வெச்சோம், கதவுல படமும் வரைஞ்சா எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் கண்டுபிடிச்சிடும். முதல் லிஸ்ட் வஞ்சிரம், வவ்வால், சுறா, சங்கரா, நெத்திலி.

இப்போ டெஸ்ட். ஒருத்தர் ரோட்டு முனைல கன்டெய்னர் லாரி போற சத்தத்துல நின்னு போன்ல பேரைச் சொல்லணும், இன்னொருத்தர் கேட்டு எழுதணும். ரெண்டு பேர் ஒரே எழுத்துல ஆரம்பிச்சா அங்கதான் மாட்டும். வஞ்சிரமும் வவ்வாலும் குழம்புச்சு, வவ்வால்னதும் பசங்க பறக்குற வவ்வாலை வேற வரைஞ்சாங்க, அதை எடுத்தாச்சு. சுறா, சங்கரால சங்கராவை எடுத்தாச்சு. மிச்சம் வஞ்சிரம், சுறா, நெத்திலி. சின்ன ரூம்தான் நெத்திலி, எல்லாருக்கும் சொல்லாமலே புரிஞ்சுது.

பணம் குடுத்தவங்க பேரைக் கதவுல போடாதீங்க, ரூமைப் பிரிச்சு இடிச்சா அவங்க மனசு கஷ்டப்படும். வாசல் கல்வெட்டுல எல்லார் பேரும் ஒண்ணா வெட்டிடுங்க.

போர்டுல பேர் பெருசா, நம்பர் அதுக்குக் கீழ. பெயிண்டருக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் பேப்பர்ல எழுதி ஒட்டிப் பாருங்க. எங்க பசங்க ரெண்டாவது வாரமே "நெத்திலில கிளாஸ் இருக்குக்கா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, அதுக்கப்புறம்தான் பெயிண்டருக்கு அட்வான்ஸ் குடுத்தோம்.