கிராஜுவிட்டி கணக்கு: கடைசி மாதச் சம்பளத்திலிருந்து நாமே போட்டுப் பார்ப்பது எப்படி?

வேலையை விட்ட பிறகு செட்டில்மென்ட் தாளில் கிராஜுவிட்டி என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அது சரியா தப்பா என்று பார்க்கப் பலருக்கும் தெரியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு ஒரே வரிதான்:

```
கிராஜுவிட்டி = சம்பளம் × 15 × வருடங்கள் ÷ 26
```

சூத்திரத்தில் யாரும் தடுமாறுவதில்லை. 'சம்பளம்' என்ற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது, 'வருடங்கள்' என்ற இடத்தில் எதைப் போடுவது என்பதில்தான் ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். ஒருவர் 2014 ஜூன் 10-ல் சேர்ந்து 2026 ஜனவரி 31-ல் வேலையை விடுகிறார், மாதம் மொத்தம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், தகுதி இருக்கிறதா?

பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும், ஐந்து வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்திருக்க வேண்டும். இறந்துபோனாலோ, உடல் முடியாமல் போய் வேலையை விட நேர்ந்தாலோ இந்த ஐந்து வருடக் கட்டுப்பாடு கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுத்தவர்களுக்கு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு வருடம் போதும். (1972-ம் வருடத்து கிராஜுவிட்டி சட்டம் இப்போது இதற்குள் போய்விட்டது, சூத்திரம் மட்டும் மாறவில்லை.)

நாலு வருடம் எட்டு மாதம் ஆனவர்கள் தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்பார்கள். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவும் முழு வருடம்தான் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனமும் கேட்டவுடன் ஒத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடிந்தால் ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டு ராஜினாமா கடிதம் கொடுப்பது தலைவலி இல்லாத வழி.

அடுத்து, வருடங்களை எண்ணுங்கள்

நம் ஆள் பார்த்தது 11 வருடம், 7 மாதம், 21 நாள். கடைசித் துண்டு ஆறு மாதத்தைத் தாண்டினால் அது முழு வருடமாகிவிடும், ஆகவே 12. இவரே 2025 நவம்பர் 30-ல் விட்டிருந்தால் 11 வருடம் 5 மாதம் சொச்சம்தான், வெறும் 11. அதாவது இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு வருடத்துப் பணம் கூடக் கிடைத்திருக்கும். சேர்ந்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும், ஜனவரி முதலோ ஏப்ரல் முதலோ இல்லை. பயிற்சிக் காலம் முடிந்து நிரந்தரமான தேதியை வைத்து எண்ணுகிறார்களா என்றும் பாருங்கள், புரொபேஷன் காலமும் சேவையில் சேர்த்திதான்.

அப்புறம், 'சம்பளம்' எது?

கைக்கு வரும் தொகை இல்லை, சி.டி.சி.யும் இல்லை. பழைய வழக்கப்படி பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும். இவருடைய 40,000 இப்படிப் பிரிந்திருக்கிறது: பேசிக் 14,000, டி.ஏ. 2,000, வீட்டு வாடகைப்படி 14,000, போக்குவரத்துப்படி 8,200, நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 1,800. பழைய முறையில் எடுத்துக்கொள்வது 16,000 மட்டும்தான். பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஏற்றி வைத்தால் பி.எஃப்.பும் குறையும் கிராஜுவிட்டியும் குறையும் என்பதால்தான் பல இடங்களில் சம்பளச் சீட்டு இப்படி இருக்கிறது.

புதிய சட்டத் தொகுப்பு இங்கேதான் கை வைத்திருக்கிறது. வாடகைப்படி, போக்குவரத்துப்படி, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, போனஸ், கமிஷன் போன்றவை ஊதியக் கணக்கில் வராது, ஆனால் அவை எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையை ஊதியத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இவருக்கு அந்த வகைகள் 24,000. மொத்தத்தில் பாதி 20,000. தாண்டியது 4,000. ஆக ஊதியம் 16,000 + 4,000 = 20,000. இவர் விட்டது 2026-ல் என்பதால் கடைசி ஊதியம் இதுதான், இதே எண்ணைத்தான் 12 வருடத்துக்கும் போட வேண்டும். ஒவ்வொரு வருடமும் வாங்கிய சம்பளத்தைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

இப்போது பெருக்குங்கள்

```
20000 × 15 × 12 ÷ 26 = 138461.54
```

சுமார் 1,38,462 ரூபாய். பழைய மாதிரி 16,000-ஐப் போட்டிருந்தால் 1,10,769 மட்டும். சட்டப்படி தர வேண்டிய உச்ச வரம்பு 20 லட்சம், அதற்கு மேல் தருவது நிறுவனத்தின் விருப்பம்.

ஏன் 26? மாதத்தில் நாலு ஞாயிறு போக மீதி 26 வேலை நாள், அந்த ஒரு நாள் கூலியை வைத்து வருடத்துக்கு 15 நாள். 1987-ல் சட்டத்திலேயே 26 என்று எழுதிச் சேர்த்துவிட்டார்கள், இருந்தும் 30-ஆல் வகுக்கும் கணக்குத் தாள்கள் இன்னும் சுற்றுகின்றன.

கொடுத்த தொகையைப் பின்னோக்கிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது, யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை. வந்த தொகையை 26-ஆல் பெருக்கி, 15-ஆலும் உங்கள் வருடங்களாலும் வகுத்தால் அவர்கள் எந்தச் சம்பளத்தை எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். நம் ஆளுக்கு 1,10,769 வந்திருந்தால் விடை 16,000, அதாவது பாதி விதியைப் பார்க்கவே இல்லை. 1,20,000 வந்திருந்தால் விடை 17,333, சம்பளச் சீட்டில் இப்படி ஒரு எண்ணே கிடையாது, 26-க்குப் பதில் 30-ஐப் போட்டிருக்கிறார்கள். 1,26,923 வந்திருந்தால் 18,333 வரும், இதுவும் ஒட்டாது. ஆனால் வருடத்தை 11 என்று மாற்றிப் பாருங்கள், பளிச்சென்று 20,000 வந்து நிற்கும், ஏழு மாதத்தை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

சி.டி.சி. தாளில் பேசிக்கில் 4.81 சதவீதம் என்று கிராஜுவிட்டிக்கு ஒரு வரி இருந்தால் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 15 ÷ 26-ஐ 12-ஆல் வகுத்தால் வருவது அது. நிறுவனம் தன் பங்குக்கு ஒதுக்கி வைக்கும் மாதிரிக் கணக்குதானே தவிர, விடும்போது உங்களுக்குச் சேர வேண்டிய தொகை கடைசி ஊதியத்தை வைத்துத்தான்.

வித்தியாசம் இருந்தால் கணக்கை எழுத்தில், தேதிகளோடும் சம்பளச் சீட்டோடும் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தைப் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுப்பது முறை, தாமதமாகிவிட்டதாலேயே உரிமை போய்விடாது. நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுச் சொல்வது நிறுவனத்தின் வேலை. அவர்களும் 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.