மங்கிய ஸ்லைடைச் சரிசெய்யும்போது: சிவப்பை எடுக்கப் போய்ச் செய்கிற தவறுகள்

ஓர் இளம் ஜோடியின் பழைய கலர் ஸ்லைடு. அவர் வெள்ளைச் சட்டையில், அவள் கருநீல உடையில். ஸ்கேன் செய்து திரையில் பார்த்தால் இரண்டு முகமும் செங்கல் நிறம், கூந்தல் கருமைக்குப் பதில் அரக்குச் சிவப்பு. உடனே கை போவது கலர் டெம்பரேச்சர் ஸ்லைடருக்குத்தான். பெரும்பாலோர் செய்கிற முதல் தவறும் அதுதான்.

ஸ்லைடு ஃபிலிமில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள் உண்டு. பழைய ஃபிலிம்கள் பலவற்றில், இருட்டான பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் சயான் சாயம் மற்ற இரண்டையும் விட வேகமாக அழிந்துவிடும். சிவப்பு ஒளியைத் தடுக்க வேண்டியது அந்தச் சாயம்தான். அது அதிகமாக இருந்த இடங்கள் படத்தின் கருமையான பகுதிகள், அதனால் இழப்பும் அங்கேதான் அதிகம். வெள்ளைச் சட்டையில் தொடக்கத்திலேயே சாயம் குறைவு, இழக்க அங்கே அதிகம் இல்லை. ஆக, படம் முழுக்க ஒரே அளவு சிவப்பு ஏறவில்லை. சிவப்பு சேனலின் இருண்ட முனை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 0 முதல் 255 வரையான அளவில், கூந்தலின் நிழலில் சிவப்பு 96, பச்சை 22, நீலம் 34 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். சட்டையில் 238, 226, 219. கூந்தலைக் கருப்பாக்க சிவப்பில் 74-ஐ எல்லா இடத்திலும் கழித்தால், சட்டையின் சிவப்பு 164-க்கு இறங்கி, சட்டை பச்சை கலந்த நீலமாகிவிடும். சட்டையைப் பார்த்துக் கொஞ்சமாகக் குறைத்தால் கூந்தல் சிவப்பாகவே இருக்கும். எவ்வளவு நேரம் ஸ்லைடரை இழுத்தாலும் இந்தச் சண்டை தீராது.

தீர்வு லெவல்ஸ் கருவியில், ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகத் திறப்பதில் இருக்கிறது. இதே படத்தில் சிவப்பின் கருப்பு முனையை 80-க்கும் வெள்ளை முனையை 245-க்கும் நகர்த்துங்கள். பச்சைக்கு 0, 235. நீலத்துக்கு 10, 228. இப்போது கூந்தல் ஏறக்குறைய 25, 24, 28. சட்டை மூன்றிலும் 244-ஐ ஒட்டி வந்துவிடும். அப்புறம்தான் முகத்துக்கு வர வேண்டும். தோலில் இன்னும் சாயல் இருந்தால், அந்தந்தச் சேனலின் நடு அம்புக்குறியை மெதுவாக அசைத்தால் போதும், முனைகளைத் தொடாதீர்கள்.

இதையே ஆட்டோ பொத்தான் செய்யாதா? செய்யும், ஆனால் ஸ்லைடைச் சுற்றியுள்ள சட்டத்தின் கருப்பு ஓரம் ஸ்கேனில் விழுந்திருந்தால் ஏமாந்துவிடும். அந்த ஓரம் மூன்று சேனலிலும் கிட்டத்தட்ட 0. மென்பொருள் அதையே படத்தின் கருமை என்று எடுத்துக்கொண்டு, சிவப்பின் முனையை நகர்த்தாமல் விட்டுவிடும். படத்தை மட்டும் கத்தரித்துவிட்டுத் திருத்துங்கள், ஹிஸ்டோகிராம் அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

இன்னொரு தவறு இதற்கெல்லாம் முன்பே, ஸ்கேன் செய்யும்போது நடந்துவிடுகிறது: 8 பிட் ஜேபெக்காகச் சேமிப்பது. மேலே பார்த்த கணக்கில், சிவப்பின் 165 படிகளை 255-க்கு இழுக்கிறோம். 8 பிட்டில் இடையே இடைவெளிகள் விழும். கன்னத்திலிருந்து தாடைக்கு மென்மையாக இறங்க வேண்டிய நிழல், பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு சேனலுக்கு 16 பிட் (ஸ்கேனரில் 48 பிட் என்று இருக்கும்), டிஃப் கோப்பு, ஸ்கேனரின் தானியங்கி நிறத்திருத்தம் அணைத்த நிலை. இப்படி எடுத்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். ஸ்லைடு மேலும் மங்கிக்கொண்டேதான் போகும், அடுத்த முறை ஸ்கேன் செய்தால் இதைவிட நன்றாக வராது.

ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கத்தை கோடாகுரோம் ஸ்லைடுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். படத்தின் கூர்மையான ஓரங்களையே தூசி என்று நினைத்து அழித்துவிடக்கூடும்.

கடைசியாக, முகங்கள். இழுத்த சிவப்பு சேனலில் புள்ளி இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அதைப் போக்க முழுப் படத்தையும் மழுப்பினால் கண்ணிமையும் உதட்டோரமும் போய்விடும். சிவப்பு சேனலில் மட்டும் லேசாக இரைச்சல் குறைத்தால் போதும், நுணுக்கங்களைப் பச்சை சேனல் தாங்கிக்கொள்ளும். இருவரின் தோலையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர முயலவும் வேண்டாம், இருவரும் ஒரே நிறமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சில ஸ்லைடுகளில் சயான் அநேகமாக முழுதும் போயிருக்கும். சிவப்பு சேனலைத் தனியாகப் பார்த்தால் வெளிறிய மூட்டம்தான் தெரியும். அதில் இல்லாததை எந்தக் கருவியும் இழுத்துத் தராது. அப்படிப்பட்ட படத்தில் பச்சை சேனலை மட்டும் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்குவேன். அவள் உடையின் மடிப்பும் அவர் சிரிப்பும் அதில் தெளிவாகவே இருக்கும்.