47 மில்லிமீட்டர் என்னை ஏமாற்றிய கதை

மோட்டாரிலிருந்து கழற்றிய பேரிங்கை போட்டோ எடுத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். துருவில் நம்பர் சரியாகத் தெரியவில்லை. முதலில் 6, மூன்றாவதாக 0, அவ்வளவுதான். வெளி விட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. என்று வெர்னியரில் அளந்து எழுதியிருந்தேன். அதை வைத்து அவர்கள் 6204 வரவழைத்தார்கள். ஹவுசிங்கில் கச்சிதமாக உட்கார்ந்தது; ஷாஃப்ட்டில் மட்டும் தொளதொளவென்று ஆடியது.

தப்பு என்னுடையதுதான். உள்துளையை நான் அளக்கவே இல்லை. 6303-க்கும் வெளி விட்டம் 47, அகலம் 14. ஆனால் துளை 17 மி.மீ.; 6204-க்கு 20. கடைசி இரண்டு இலக்கம் துளையைச் சொல்கிறது: 03 என்றால் 17, 04-லிருந்து ஐந்தால் பெருக்கினால் போதும்.

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் துடைத்து, எழுத்துப் பள்ளத்தில் சாக்பீஸைத் தேய்த்து, மேலோட்டமாகத் துடைத்தேன். டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கவைத்துப் பிடித்ததும் 6303 வெள்ளையாக எழுந்து நின்றது. பின்னாலேயே சி3 என்றும் இருந்தது. உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்ட ரகம் அது; சூடாகும் மோட்டாருக்குத் தேவை. நம்பரோடு அதையும் சொல்லாவிட்டால் சாதாரண ரகம்தான் வரும்.

இரண்டாவது போட்டோவை நேர் எதிரே வைத்து எடுத்தேன், துளை அளவையும் சேர்த்து அனுப்பினேன். புதியது ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏறியது.