கருங்காலியா, சாயமேற்றிய மரமா: வெளிறிய இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

போன மாதம் மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள என் பட்டறைக்கு ஒரு தம்பி பழைய கத்தியொன்றைக் கொண்டு வந்தார். பிடி கறுப்பு, கழுத்தில் பித்தளைப் பூண். "அண்ணே, இது கருங்காலிதானா?" என்று கேட்டார். கேட்பதற்கு முன்னாலேயே பிடியின் ஒரு பக்கத்தை சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்திருந்தார். தேய்த்த இடத்தில் மஞ்சள் மரம் தெரிந்தது. "உள்ளே வெள்ளையாக இருக்கு, அப்போ போலிதானே?" என்றார். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியை எனக்குள்ளேயே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, ஒரு நல்ல பொருளைக் கெடுத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தூசி தட்டிப் பாருங்கள், வெளிச்சத்தில் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாரத்தை நம்புவது

"கருங்காலி என்றால் கல் மாதிரிப் பாரமாக இருக்கும், தண்ணீரில் போட்டால் தாழும்" என்பதைப் பெரியவர்கள் வாயிலேயே கேட்டிருப்பீர்கள். நம் கருங்காலி உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 900 கிலோ. முதிரையும் அந்த அளவுதான், பல துண்டுகளில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பாலையும் இலேசான மரம் இல்லை. மூன்றும் நம் பக்கத்துக் காட்டு மரங்கள்தான். ஆகவே கையில் பாரமாக இருந்தால் அது தேக்கோ பலாவோ இல்லை என்று மட்டும் சொல்லலாம். கறுப்பு ஏற்றிய முதிரை பாரத்தில் உங்களை ஏமாற்றிவிடும். தண்ணீரில் போடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். மரத்தில் வேறு மரமோ எலும்போ பதித்த பழைய பதிப்பு வேலைகள் வச்சிரப் பசையில் ஒட்டியவை, நனைந்தால் துண்டு துண்டாகக் கழன்று வரும்.

சூடேற்றிய ஊசி

வேண்டாம். ஓட்டைதான் மிஞ்சும்.

ஸ்பிரிட் பஞ்சும் வெளிறிய இடமும்

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும் தவறு இதுதான். கல்முனைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா யானைச் சிலையொன்றைக் கொண்டு வந்தார். ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் சோடியாக இருந்ததாம், ஒன்றை மட்டும் விலை பார்க்க எடுத்து வந்திருந்தார். யானையின் வயிற்றில் இடது பக்கம் கறுப்பு மங்கி, அடியில் வெளிறிய மரம் எட்டிப் பார்த்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அந்த இடத்தில் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. அதோடு நிறுத்தவில்லை. ஒரு நாணயத்தின் அளவுக்கு வயிற்றைச் சுரண்டியும் பார்த்தேன். கீழே சாம்பலும் மஞ்சளும் கலந்த மரம். "சாயம் போட்ட மரம் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அதை விளையாட்டுச் சாமான் விலைக்கு விற்றுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து மற்ற யானையோடு வந்தார். அலுமாரிக்கு மேலிருந்து விழுந்து தும்பிக்கை முறிந்திருந்தது, ஒட்டித் தரக் கேட்டார். முறிந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. வெளிவிளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரே கறுப்பு. திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் இதற்கும் அதே வெளிறிய பட்டை.

நடந்தது இதுதான். கருங்காலி மரம் முழுவதும் கறுப்பு இல்லை. மரத்தின் நடுப்பகுதியான வைரம்தான் கறுப்பு. அதைச் சுற்றியுள்ள வெளிமரத்தை வெள்ளை என்போம், அது மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். கறுப்பு வைரம் சிறுத்த மரத்தில் பெரிய உருவம் செதுக்க வேண்டுமென்றால் வெள்ளையின் ஒரு ஓரம் உள்ளே வந்துவிடும். செதுக்கியவர் அந்த ஓரத்தைக் கண் படாத வயிற்றுப் பக்கம் வைத்து, அந்த இடத்தில் மட்டும் கறுப்பைத் தடவியிருக்கிறார். நான் துடைத்தது அந்தத் தடவலை. தும்பிக்கையில் துடைத்திருந்தால் வேறு கதை.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? வெளிறிய மரம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கறுப்புக்கும் வெளிறலுக்கும் நடுவே உள்ள எல்லை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். சாயம் வெளியிலிருந்து உள்ளே போனது. அதனால் அது தோல் மாதிரி இருக்கும். யானையின் காது வளைந்தால் கறுப்பும் கூடவே வளையும், எங்கே சுரண்டினாலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் மரம் வெளிறும். வைரத்தின் எல்லைக்கு உருவத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அது மரம் வளர்ந்த வழியில் போகும். வயிற்றில் தொடங்கி, முன்னங்காலைக் குறுக்கே வெட்டி, பாதத்தின் அடியில் ஒரு வில்லாக வந்து முடியும்.

அந்த இரண்டாவது யானையில் அப்படியேதான் இருந்தது. நார் காலின் நீளவாக்கில் ஓடியதால் பாதத்தின் அடியில் மரத்தின் குறுக்குவெட்டு முகம் கிடைத்தது. அங்கே யாரும் பாலிஷ் போடுவதில்லை. பல வருட அழுக்கைக் காய்ந்த தூரிகையால் தட்டினேன். இடது முன்பாதத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிறல், மிச்சம் கறுப்பு, நடுவே வில் மாதிரி ஒரு கோடு. மற்ற மூன்று பாதங்களும் முழுக் கறுப்பு. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையை வைத்துப் பார்த்தால் கோட்டின் இரு பக்கமும் ஒரே மரம். வெளிறிய பக்கத்தில் ஊசி குத்தியது போன்ற சின்னத் துளைகள், சில தனியாக, சில இரண்டு மூன்றாகச் சேர்ந்து குட்டி வரிசையாக. அவற்றுக்குக் குறுக்கே மயிரிழையை விட மெல்லிய கோடுகள். கறுப்புப் பக்கத்திலும் அதே துளைகள்தான், ஆனால் கறுப்புப் பிசின் நிரம்பி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும். பழகாத கண்ணுக்கு வெளிறிய பக்கம்தான் சுலபம். போலி என்று நான் காட்டிய அதே இடத்தில்தான் அது கருங்காலி என்பதற்கான அடையாளம் இருந்தது.

பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சு கறுத்தால் அந்த இடத்தில் கரையக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது சாயமாக இருக்கலாம், சப்பாத்துப் பாலிஷாக இருக்கலாம். உண்மையான கருங்காலியின் தூளே ஸ்பிரிட்டில் கொஞ்சம் கறுப்பைக் காட்டும். சரி, பஞ்சு சுத்தமாக வந்தால்? அதற்கும் பொருள் இல்லை. கடுக்காய்ச் சாறும் இரும்புத் துருவும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு ஸ்பிரிட்டில் வராது. பழைய மை செய்த அதே முறை அது. இன்னொரு பக்கம், பழைய அரக்கு பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். நூறு வருடம் கை பட்டு வந்த மெருகை ஒரு துடைப்பில் எடுத்துவிட்டு, எந்தப் பதிலும் கிடைக்காமல் நிற்பீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் துளை

வெறும் கண்ணால் பார்த்தாலே கறுப்பில் கோடு கோடாகக் குழிகள் தெரிந்தால் அது கருங்காலி இல்லை. பெரும்பாலும் தேக்கு அல்லது மகோகனி.

உளு விழுந்தால் போலி என்பது

கருங்காலி வைரத்தை உளு லேசில் தொடாது. வெள்ளையைத் தின்னும். ஓட்டைகள் ஒரே ஒரு பட்டையில் மட்டும் இருந்தால் அது வெள்ளையின் பட்டையாக இருக்கலாம். உருவம் முழுக்கச் சிதறிக் கிடந்து, வெளிறிய தூள் கொட்டினால் சந்தேகப்படுங்கள்.

பெயரை நம்பி வாங்குவது

கருங்காலி என்ற பெயரில் கருவேல இனத்து மரமொன்றையும் சொல்வதுண்டு. அதன் வைரம் செம்பழுப்பு. கறுப்பாக விற்றால் கறுப்பை யாரோ ஏற்றியிருக்கிறார்கள்.

பதிப்பு வேலையிலும் இதே கண்ணால் பார்ப்பது

மேலே சொன்ன எல்லைக் கணக்கு மெல்லிய பதிப்புக் கோட்டில் வேலை செய்யாது. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கீற்றைச் சாயத்தில் ஊறவைத்தால் உள்ளே வரைக்கும் கறுத்துவிடும். தோலும் இல்லை, சதையும் இல்லை. இங்கே பக்கத்து மரத்தைப் பாருங்கள். ஊறவைத்த சாயம் காலப்போக்கில் ஈரம் பட்டு அருகிலுள்ள வெளிர் மரத்திலோ எலும்பிலோ கசிந்திருக்கும், கோட்டின் ஓரம் மங்கலாக இருக்கும். கருங்காலிக் கீற்றின் ஓரம் கத்தியால் கீறியது போல் நிற்கும். கைவில்லையில் நாரே தெரியாமல் கண்ணாடி மாதிரி ஒரே மொத்தமாக இருந்தால் அது மரமே இல்லை. அரக்கில் கரித்தூள் குழைத்து நிரப்பியது.

தெற்கே காலிப் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டில் செய்த முள்ளம்பன்றி முள் பெட்டிகள் எப்போதாவது இங்கேயும் கைக்கு வரும். கருங்காலிச் சட்டத்தில் முட்களை அடுக்கி, சட்டத்தில் வெள்ளைப் புள்ளிகளாக எலும்பு பதித்திருப்பார்கள். ஒரு புள்ளி விழுந்திருந்தால் அந்தக் குழிக்குள் பாருங்கள். குழியின் சுவர் கறுப்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாயம் போட்ட பிறகு துளைத்திருந்தால் குழி வெளிறித் தெரியும்.

சுரண்டுவதற்கு முன் தேடாமல் விடுவது

பழைய பொருளில் ஏற்கெனவே திறந்த இடம் ஏதாவது இருக்கும். திருகாணி ஓட்டை, கீல் இருந்த குழி, வெடிப்பு, கழன்ற பதிப்பின் பின்பக்கம், பூணின் அடி. புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை.

தம்பியின் கத்தியில் பூண் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக முன்னுக்கு நகர்த்தினோம். பூணின் அடியில் கறுப்பே இல்லை, வளையம் வைத்த மாதிரி மஞ்சள் மரம். பூணைப் போட்ட பிறகுதான் சாயம் போட்டிருக்கிறார்கள். அவர் தேய்த்த பக்கத்தைக் கைவில்லையில் பார்த்தோம். கறுப்பு ஒரு நகத்தின் தடிப்புக்கூட இல்லை, பிடியின் எல்லா வளைவோடும் கூடவே வளைந்து போனது. மஞ்சள் மரத்தில் விளக்கைத் திருப்பத் திருப்பப் பட்டுத் துணி மாதிரி அலை ஓடியது. முதிரை. இந்தத் தடவை வெளிறிய இடம் சாயத்தைத்தான் காட்டியது. ஆனால் அதைத் தேய்க்காமலே பூணடியில் பார்த்திருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். தேய்த்த பக்கத்துக்கு மறுபடி கறுப்புப் போடுவோமா என்று கேட்டார். கடுக்காய் இடித்து ஊறவைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள், துருப்பிடித்த ஆணி என்னிடம் இருக்கிறது என்றேன்.