சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து: ஊருக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை

அவுஸ்திரேலியாவிலிருந்து ஊருக்கு வரும் ஒருவர் போனின் மேல் ஓரத்தில் E என்ற எழுத்தைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். அங்கே 2G சேவை 2018-க்குள் முடிந்துவிட்டது. 2024 ஒக்டோபர் இறுதியில் பெரிய நிறுவனங்கள் 3G-யையும் மூடத் தொடங்கின. வேறு பல நாடுகளும் அதே வழியில் போகின்றன. இலங்கையிலும் இந்தியாவிலும் 2G இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் வெளிநாட்டில் எப்போதும் 4G அல்லது 5G என்றே நின்ற எழுத்து, ஊரில் இறங்கியதும் மாறி மாறி வரும். அதில் பெரும்பாலானவை சாதாரணம். சில மட்டும் செலவு வைக்கும், ஒன்று வங்கிக் கணக்கையே காலி செய்யக்கூடும்.

எழுத்துகளின் பொருளை முதலில் சொல்லிவிடலாம். G, E இரண்டும் 2G. 3G, H, H+ மூன்றும் மூன்றாம் தலைமுறை. 4G என்றாலும் LTE என்றாலும் ஒன்றுதான். பின்னால் + வந்தால் போன் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைச் சேர்த்து இழுக்கிறது. E-யில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், படம் போவதற்குப் பொறுமை வேண்டும், வீடியோ அழைப்பை மறந்துவிடலாம்.

கோடுகளும் எழுத்தும் வேறு வேறு விஷயம் சொல்கின்றன. கோடு என்பது டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பது. எழுத்து என்பது எந்தத் தலைமுறையில் இணைந்திருக்கிறீர்கள் என்பது. அந்த டவரை இன்னும் எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று இரண்டுமே சொல்லாது. நல்லூர்த் தேரன்று கோயில் வீதியில் கோடு முழுசாக, 4G என்று அழகாக நிற்க, ஒரு படம்கூடப் போகாமல் இருப்பது அதனால்தான். அதற்குப் போனை நோண்டிப் பயனில்லை, கொஞ்சத் தூரம் நடந்து போக வேண்டும்.

அழைக்கும்போது மட்டும் மாறினால்

ரொறன்ரோவில் வாங்கிய போனில் உள்ளூர் சிம் போட்டு, கோப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4G நிற்கிறது. அண்ணாவுக்கு அழைக்கிறீர்கள். மணி அடிக்கத் தொடங்கும்போதே 4G போய் H அல்லது E வருகிறது. பேசி முடித்ததும் சில நொடிகளில் பழையபடி 4G. இதில் ஒரு கோளாறும் இல்லை. 4G அடிப்படையில் டேட்டாவுக்காக அமைந்த வலை. அதன்மேலேயே குரலையும் அனுப்ப VoLTE என்ற ஏற்பாடு வேண்டும். அது உங்கள் போனுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையில் ஒத்துவராவிட்டால், வலை உங்களை அழைப்புக்காகக் கீழே இறக்கிவிட்டு, முடிந்ததும் மேலே ஏற்றுகிறது.

ஆனால் E-க்கு இறங்கினால் ஒரு தொந்தரவு உண்டு. பேசிக்கொண்டிருக்கும்வரை டேட்டா பொதுவாக நின்றுவிடும். ஓட்டோக்காரர் இடத்தைக் கேட்டு அழைக்கும்போது, பேசிக்கொண்டே வரைபடத்தை அனுப்ப முயன்றால் அது போகாது. அழைப்பை முடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இதைத் தவிர்க்க, சிம் அமைப்புகளுக்குள் VoLTE அல்லது 4G Calling என்ற பொத்தானைத் தேடி இயக்குங்கள். பொத்தானே இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கான அமைப்பு உங்கள் போனில் இல்லை என்று அர்த்தம். வெளிநாட்டுச் சந்தைக்கென விற்ற போன்களில் இது வழக்கம். மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அப்பவும் வராவிட்டால் அப்படியே சமாளிக்கலாம், அழைப்பு எப்படியும் போகும்.

தமிழ்நாட்டில் ஜியோ சிம் வாங்கினால் மட்டும் இந்தச் சமாளிப்பு நடக்காது. ஜியோவுக்கு 2G-யும் இல்லை, 3G-யும் இல்லை. இறங்கிப் போகக் கீழ்த்தளமே கிடையாது. VoLTE ஒத்துவராத போனில் டேட்டா நன்றாக ஓடும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. ஏர்டெல் 3G-யை மூடிவிட்டு 2G-யை வைத்திருப்பதால், அதில் 4G-யிலிருந்து நேராக E-க்கு விழும். எதை வாங்கினாலும் சிம் இயங்கியதும் கடையிலேயே ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடித்தால் இன்னொரு நடை.

இறங்கிய எழுத்து ஏறாவிட்டால்

அழைப்பில்லாத நேரத்திலும் நாள் முழுக்க H அல்லது E-யிலேயே நிற்கிறது, பக்கத்தில் அதே நிறுவனத்து சிம் வைத்திருக்கும் மச்சானின் போனில் 4G. அப்படியானால் சிக்கல் உங்கள் பக்கம். முதலில் Preferred network type என்ற இடத்தைப் பாருங்கள். பற்றரி மிச்சமாகும் என்று யாராவது அதை 2G அல்லது 3G-க்கு மாற்றி வைத்திருக்கலாம். அடுத்து சிம். முந்தைய பயணத்தில் வாங்கி மாமா வீட்டு மேசையில் உயிரோடு கிடந்த பழைய சிம், 4G வருமுன் கொடுக்கப்பட்டதாக இருந்தால் 4G-க்குள் நுழைய முடியாமல் இருக்கலாம். நிறுவனத்தின் கிளையில் அதே எண்ணுக்குப் புதிய சிம் தருவார்கள். பழைய இரட்டை சிம் போன்கள் பலவற்றில் இரண்டாவது துளை குறைந்த தலைமுறைக்கு மட்டுமே வேலை செய்யும். சிம்மை இடம் மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும்.

நகர நடுவில், எல்லோருக்கும் 4G இருக்கும் இடத்தில், திடீரென்று E விழுந்து, அதே நேரம் வங்கி பெயரிலோ தபால் பெயரிலோ இணைப்போடு ஒரு குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொட வேண்டாம். 2G-யில் போன் தன்னை வலைக்கு நிரூபிக்கும், வலை தன்னைப் போனுக்கு நிரூபிக்காது. அந்த ஓட்டையைப் பயன்படுத்திப் போலி டவர் கருவியால் அருகிலுள்ள போன்களை 2G-க்கு இழுத்து மோசடிச் செய்தி தள்ளுவது லண்டனிலும் பாங்கொக்கிலும் பிடிபட்டிருக்கிறது. புதிய ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் Allow 2G என்ற பொத்தானை அணைக்கலாம், அவசர அழைப்பு அப்போதும் போகும். நகரத்தில் அணைத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. 2G மட்டுமே எட்டும் உட்கிராமத்துக்குப் போனால் திரும்ப இயக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சிக்னலே இல்லை என்று காட்டும்.

கோடுகளோடு ஒரு ! அல்லது x ஒட்டியிருந்தால் வலை இருக்கிறது, இணையம் இல்லை என்று பொருள். பெரும்பாலும் டேட்டாப் பொதி முடிந்திருக்கும், ரீலோட் செய்தால் சரி. கோடு இருந்து, அழைப்பும் போய், எழுத்தே வராவிட்டால் மொபைல் டேட்டா அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிறுவனத்தின் இணைய வாசலின் பெயரை எழுதும் APN என்ற அமைப்புக்குப் போங்கள். வெளிநாட்டுப் போன்களில் அது சில வேளை தானாக நிரம்பாது. டயலொக்குக்கு இது:

```
dialogbb
```

மற்ற நிறுவனங்களுடையதைச் சிம் விற்றவரிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.

R யாருக்கு வரலாம், யாருக்கு வரக்கூடாது

R என்றால் வேறொருவரின் வலையில் விருந்தாளியாக இருக்கிறீர்கள். ஆண்ட்ராய்ட் போன்களில் கோட்டருகே சின்னதாகத் தெரியும். உங்கள் கனடா அல்லது லண்டன் சிம்முக்கு R வருவது இயல்பு. பயணத்துக்கு முன் இணையத்தில் வாங்கிய eSIM-க்கும் பெரும்பாலும் R தான், ஏனென்றால் அது மூன்றாவது நாட்டு நிறுவனத்துடையது. அதற்கு Data Roaming இயக்கியிருந்தால்தான் இணையம் வரும். கட்டுநாயக்காவில் வாங்கிய உள்ளூர் சிம்முக்கு மட்டும் R வரக்கூடாது.

வந்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 2G டவர் ஒன்றின் வழக்கமான எல்லை 35 கிலோமீற்றர், நடுவில் கடல் மட்டும், மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் தலைமன்னாரில் இந்திய வலையும், தனுஷ்கோடியில் இலங்கை வலையும் போனில் ஏறும். அந்த நேரத்தில் எடுக்கும் அழைப்புக்கு ரோமிங் கட்டணம். அந்தக் கரைகளுக்குப் போகும் நாளில் Network selection-இல் Automatic-ஐ அணைத்து உங்கள் நிறுவனத்தையே தேர்ந்துவிடுங்கள், உள்ளூர் சிம்மின் Data Roaming-ஐயும் மூடி வையுங்கள். திரும்பி வந்ததும் தானியங்கிக்கு மாற்றலாம்.

இரண்டு சிம் போடுபவர்களுக்கு இன்னொரு பொறி. ஐபோனில் Allow Cellular Data Switching என்று ஒன்று உண்டு, பிரித்தானியாவில் அதை Mobile Data என்று எழுதுவார்கள். ஆண்ட்ராய்டிலும் இதற்கு இணையானது இருக்கிறது. உள்ளூர் சிம்மில் டேட்டா பலவீனமானால் போன் சத்தமில்லாமல் மற்ற சிம்முக்குத் தாவும். வெளிநாட்டு சிம்மில் Data Roaming இயங்கியிருந்தால் ஓடும் மெகாபைட் எல்லாம் ரோமிங் விலையில் ஏறும். இரண்டையும் விமானம் ஏறுமுன் அணையுங்கள். OTP குறுஞ்செய்தி வர டேட்டா ரோமிங் தேவையில்லை.

வெளிநாட்டு சிம் திடீரென்று செத்தால்

இதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய மாற்றம். வந்திறங்கிய நாளிலிருந்தே No Service என்றால் ரோமிங் சேவை இயக்கப்படவில்லை, அவ்வளவுதான். பத்து நாள் ஒழுங்காக R காட்டிய சிம், ஒரு பின்னேரம் No Service அல்லது SOS என்று மாறி, அதே போனில் உள்ளூர் சிம் முழுக் கோட்டோடு நின்றால் கவனியுங்கள். யாரோ உங்கள் பெயரில் நிறுவனத்தை ஏமாற்றி, உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். அப்படி நடந்தால் வங்கியின் OTP அவருக்குப் போகும்.

விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். வராவிட்டால் Network selection-இல் ஒவ்வொரு உள்ளூர் நிறுவனமாகத் தேர்ந்து பாருங்கள். ஒன்று ஏற்றுக்கொண்டால் ரோமிங் கூட்டாளியில் வந்த கோளாறு, மறந்துவிடலாம். எல்லாமே மறுத்தால் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். நேராகக் குரல்பதிவுக்குப் போனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் போன் அசையாமல் கிடக்க அங்கே மணி அடிக்கிறது என்றாலோ, யாரோ எடுக்கிறார் என்றாலோ, காத்திருக்கக் கூடாது. போனின் Wi-Fi-யை இயக்கி முதலில் வங்கியின் செயலியில் அட்டையையும் கணக்கையும் முடக்குங்கள், பிறகு சிம் நிறுவனத்தின் அரட்டையில் எண்ணை நிறுத்தச் சொல்லுங்கள், அதன்பின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கியை முதலில் சொல்வதற்குக் காரணம், சிம் நிறுவனத்தில் ஒரு மனிதரை எட்டுவதற்குள் நேரம் ஓடிவிடும், பணம் அதைவிட வேகமாக ஓடும்.

புறப்படுமுன், வங்கி உங்களிடம் உறுதி கேட்கும் முறையைக் குறுஞ்செய்தியிலிருந்து செயலிக்கு மாற்ற முடியுமானால் மாற்றிவிடுங்கள். சிம் நிறுவனத்தில் எண் மாற்றத்துக்கு ஒரு பின் இலக்கம் வைக்கலாமா என்றும் கேளுங்கள். Wi-Fi Calling-ஐயும் வீட்டிலேயே இயக்கி வையுங்கள். பல நிறுவனங்கள் வெளிநாட்டிலும் அதை அனுமதிக்கும். அப்போது ஊர் வீட்டு வைஃபையில் நிறுவனத்தின் பெயரோடு Wi-Fi என்றோ Wi-Fi Calling என்றோ தெரியும், ரோமிங் சிக்னல் இல்லாத அறையிலும் OTP பெரும்பாலும் வந்து சேரும்.