மோட்டார் நடுங்குகிறதா? Kd-யைத் தொடும் முன் வேக அளவீட்டைப் பாருங்கள்

மோட்டார் நடுங்கினாலோ கரகரவென்று சத்தம் போட்டாலோ உடனே எல்லோரும் PID கட்டுப்பாட்டின் Kp, Ki, Kd எண்களைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். இலக்குக்கும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை; Kp அந்தப் பிழையையும், Ki சேர்ந்துகொண்டே வரும் பிழையையும், Kd பிழை மாறும் வேகத்தையும் பெருக்கும். முதலில் வேகத்தை எப்படி அளக்கிறோம் என்று பார்ப்பதே நல்லது.

மோட்டார் சுழல்வதை உணர்ந்து ஒரு சுற்றுக்கு 360 எண்ணிக்கை தரும் என்கோடர் இருக்கிறது, 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு முறையும் 6 எண்ணிக்கை வர வேண்டும். ஆனால் வேகம் இம்மி மாறினாலும் சில முறை 5, சில முறை 7 வரும். ஓர் எண்ணிக்கைக்கு 16.7 ஆர்பிஎம். ஆக, மோட்டார் சீராக ஓடும்போதே கணக்கில் வேகம் 83, 100, 117 என்று குதிக்கும். Kd பெருக்கும் டெரிவேட்டிவ் பகுதிக்கு இது விநாடிக்கு 1667 ஆர்பிஎம் மாற்றமாகத் தெரியும். Kd வெறும் 0.1 என்றாலும் மோட்டாருக்குப் போகும் மின்சக்தியைத் தீர்மானிக்கும், 255 வரை போகும் பிடபிள்யூஎம்மில் 167 அளவுக்கு ஒரு உதை விழும். நடுக்கத்தை அடக்க Kd-யைக் கூட்டுவது இங்கே எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

இதற்குப் பதிலாக, என்கோடர் தரும் A, B சிக்னல்களில் A சேனலின் ஓர் ஏறுமுனையிலிருந்து அடுத்த ஏறுமுனை வரை எத்தனை மைக்ரோ விநாடி ஆனது என்று அளந்து வேகத்தைக் கணக்கிடலாம். A, B முனைகளைக் கலந்து அளக்க வேண்டாம், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிகள் சமமாக இருக்காது. அப்புறம், மோட்டார் நின்றுவிட்டால் பல்ஸே வராது. குறிப்பிட்ட நேரம் பல்ஸ் இல்லையென்றால் வேகம் பூஜ்யம் என்று வைக்க மறக்காதீர்கள். வேகக் கட்டுப்பாட்டில் பெரும்பாலும் Kd-யே தேவைப்படாது என்பது என் கருத்து.

சரி, அளவீடு சீரானதும் Ki, Kd இரண்டையும் பூஜ்யமாக்கி Kp-யை மட்டும் ஏற்றுங்கள். இங்கே வரும் தவறு, Kp-யாலேயே இலக்கைத் தொட்டுவிட நினைப்பது. 100 ஆர்பிஎம்முக்கு 120 பிடபிள்யூஎம் தேவைப்படும் மோட்டாரில் Kp 2 என்றால் வேகம் 62 பக்கம் நிற்கும், 6 என்றால் 83. பிழை பூஜ்யமானால் Kp தரும் வெளியீடும் பூஜ்யமாகிவிடுமே! அதனால் வரைபடத்தில் அலைவு தலைகாட்டும் வரை ஏற்றி, அதில் பாதிக்கு இறக்குங்கள். மிச்ச இடைவெளியை Ki நிரப்பும். இலக்கைத் தாண்டிப் போய் மெதுவாகத் திரும்பினால் Ki அதிகம். இலக்குக்குக் கீழேயே வெகுநேரம் தவழ்ந்தால் குறைவு.

தாண்டல் எல்லாமே Ki-யின் குற்றம் அல்ல. சுமையால் மோட்டார் திணறும்போது பிடபிள்யூஎம் 255-இல் முட்டி நிற்கும், Ki-க்காகச் சேர்க்கும் பிழையோ கூடிக்கொண்டே போகும். சுமை விலகியதும், சேர்ந்த பிழை கரையும் வரை மோட்டார் இலக்கைத் தாண்டி ஓடும். Ki-யைக் குறைத்தால் இது மறையலாம், ஆனால் எல்லா நேரமும் மந்தமாகிவிடும். முட்டி நிற்கும்போது சேர்ப்பதை நிறுத்தினால் போதும். கீழே `u` என்பது பிடபிள்யூஎம், `e` பிழை, `dt` லூப் நேரம்:

```
bool stuck = (u >= 255 && e > 0) || (u <= 0 && e < 0);
if (!stuck) integral += e * dt;
```

இதில் `dt`-யை விட்டுவிட்டால், லூப் நேரத்தை 10-இலிருந்து 20 மில்லி விநாடியாக்கிய அன்றே Ki-யின் வலு பாதியாகும், திரும்பவும் முதலிலிருந்து டியூன் செய்ய வேண்டிவரும்.